துண்டில் ஏறும் இரண்டு ரூபா

தோழர்களே, அரிசி கிலோ 225 ரூபா, கோதுமை மா 195, சீனி 245, பருப்பு 275 என்று வைத்துக்கொள்வோம். நாம் ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ வாங்கினால் 112.50, 97.50, 122.50, 137.50. கூட்டினால் சரியாக 470 ரூபா. கடைக்காரர் ஒவ்வொன்றையும் முழு ரூபாவாக்கி 113, 98, 123, 138 என்று எழுதினால் 472.

அவர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. ஐம்பது சதம் வந்தால் மேலே ஏற்றுவது வழக்கம்தானே. ஆனால் கிலோ விலை ஒற்றைப்படை ரூபாவாக இருந்தால் அரைக் கிலோவுக்கு எப்போதும் ஐம்பது சதம் வரும். எப்போதும் ஏறும், இறங்கவே இறங்காது. இருபது, எழுபது என்று சதங்கள் கலந்து வந்தால்தான் ஏற்றமும் இறக்கமும் ஓரளவு கழியும்.

கடன் கொப்பியில் வாரத்துக்கு இப்படி ஒரு துண்டு ஏறினால் நாலு வாரத்தில் 8 ரூபா. சதத்தோடு எழுதிக் கூட்டி, கடைசித் தொகையை மட்டும் முழு ரூபாவாக்கும்படி கேட்போம்.