பணிச்சோர்வை அளப்பது எப்படி?

தோட்டத்து மருத்துவமனைத் தாதி ஒருவர், "வேலை பிடித்துத்தான் இருக்கிறது, ஆனால் காலையில் எழவே முடியவில்லை" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். இதில் முரண்பாடு இல்லை. பணியில் மனநிறைவு வேறு, பணிச்சோர்வு வேறு.

இச்சோர்வை அளக்க அமெரிக்க உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-இல் ஒரு வினாத்தாளை வெளியிட்டனர். மக்களுக்குத் தொண்டாற்றுவோர்க்கான அதன் வடிவில் 22 கூற்றுகள் உண்டு. கூறப்படும் உணர்வு ஒருபோதும் இல்லையெனில் 0, நாள்தோறும் உண்டெனில் 6 என்று எண்ணிட வேண்டும்.

ஒன்பது கூற்றுகள் களைப்பைக் கேட்கும். ஐந்து, பிறரிடம் மனம் மரத்துப்போவதைக் கேட்கும். எட்டு, பயனுள்ள வேலை செய்கிறோம் என்ற உணர்வைக் கேட்கும்.

நம் தாதி களைப்புக் கூற்றுகள் அனைத்திற்கும் 5 இடுகிறார், மொத்தம் 45. மரத்துப்போதலுக்கு ஒவ்வொன்றும் 1, மொத்தம் 5. பயனுணர்வுக்கு ஒவ்வொன்றும் 5, மொத்தம் 40. இம்மூன்றையும் நாம் கூட்டக்கூடாது. களைப்பில் 45 கெடுதி. பயனுணர்விலோ 40 நல்லது. கூட்டினால் இரண்டும் கலந்து பொருளற்றுப் போகும்.

தனித்தனியே பார்த்தால் உண்மை தெரிகிறது: அவருடைய அன்பு வற்றவில்லை; உடலும் உள்ளமும் ஓய்ந்துவிட்டன. அவருக்கு வேண்டியது அறிவுரையன்று. இரவுப்பணிக் குறைப்பும் துணைக்கு ஓர் ஆளும்.

ஒன்றை மறவாதீர்கள். மேலதிகாரி பார்த்துக்கொண்டிருக்க நிரப்பும் தாள் உண்மை பேசாது. பெயரின்றி நிரப்பச் செய்வதே முறை.