சுழியை ஏன் தொட முடியாது?

(அறிவியல் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தின் முடிவில் ஓர் இளம் தோழர் கேட்ட கேள்விக்கு இன்று விடை கூற முயல்கிறேன். மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸ், அதாவது சுழி கெல்வின், என்னும் தனிச்சுழி வெப்பநிலையை எந்தப் பொருளாலும் எட்ட முடியாது என்கிறார்கள். இது கருவிகளின் போதாமையா, இயற்கையின் விதியா என்பதே அவருடைய கேள்வி.

விதிதான். ஆனால் அதை நம்பச் சொல்வதைவிட, குளிர்விக்கும் முறை ஒன்றைப் படிப்படியாகப் பார்ப்பது நல்லது.

கொதிக்கும் திரவ ஹீலியத்தின் மீதுள்ள ஆவியைப் பம்பு கொண்டு வெளியேற்றினால் சுமார் 1 கெல்வின் வரை இறங்கலாம். அதற்குக் கீழே ஆவியே மிகக் குறைந்துவிடுவதால் அந்த வழி அடைபட்டுப்போகிறது. 1926இல் டெபையும் ஜியோக்கும் தனித்தனியே வேறு வழியை முன்மொழிந்தனர். சில உப்புகளின் அயனிகள் சிறு காந்த ஊசிகளைப் போன்றவை. அவை தாறுமாறான திசைகளை நோக்கி நிற்கும். வலுவான காந்தப்புலத்தில் வைத்தால் அவை ஒரே திசையில் அணிவகுக்கும். ஒழுங்கின்மை குறைகிறது; அப்போது வெளிப்படும் வெப்பத்தை ஹீலியம் ஏற்றுக்கொள்கிறது. இது முதற்படி. பின்பு வெளியிலிருந்து வெப்பம் புகாதவாறு உப்பைத் தனிமைப்படுத்திக் காந்தப்புலத்தை மெல்லக் குறைக்க வேண்டும். ஊசிகள் மீண்டும் தாறுமாறாகின்றன. அதற்கு வேண்டிய ஒழுங்கின்மையை உப்பின் வெப்ப அதிர்விலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டியிருப்பதால் உப்பு குளிர்கிறது. இது இரண்டாம் படி.

1933இல் கலிபோர்னியாவில் ஜியோக்கின் குழு இம்முறையால் கடோலினியம் சல்பேட்டை 1.5 கெல்வினிலிருந்து 0.25 கெல்வினுக்கு இறக்கியது. ஆறில் ஒரு பங்கு! அப்படியானால் இதையே திரும்பத் திரும்பச் செய்து சுழியை அடைந்துவிடலாமே?

ஒவ்வொரு முறையும் ஆறில் ஒரு பங்காகவே குறையும் என்று வைத்துக்கொண்டாலும், 0.25 சுமார் 0.04 ஆகும், பிறகு 0.007 ஆகும், சுழி ஆகாது. உண்மையில் அந்த ஆறில் ஒரு பங்கும் கிடைப்பதில்லை. போதிய குளிரில் உப்பின் ஊசிகள் ஒன்றையொன்று ஈர்த்துத் தாமாகவே அணிவகுத்துவிடுகின்றன. ஏற்கெனவே வரிசையில் நிற்பவர்களை நம் காந்தம் வரிசைப்படுத்துவதற்கு என்ன இருக்கிறது? வெளியேற்றுவதற்கு ஒழுங்கின்மை மிச்சமில்லையெனில் இரண்டாம் படியில் குளிர்ச்சியும் இல்லை.

விதியின் சாரம் இதுவே. சுழியை நெருங்க நெருங்க, காந்தப்புலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருளின் ஒழுங்கின்மை ஒரே அளவை நோக்கிச் செல்கிறது. காந்தத்துக்குப் பதிலாக அழுத்தத்தையோ வேறெதையோ பயன்படுத்தினாலும் இதுதான் நிலை. இரு கோடுகளுக்கு இடையே படிக்கட்டு அமைத்து இறங்குகிறோம். அக்கோடுகள் சுழியில் ஒன்று சேர்கின்றன. எனவே படிகள் சிறுத்துக்கொண்டே போகும். சுழியை அடைய முடிவிலாப் படிகள் வேண்டும். எட்டமுடியாமையை 1912இல் நெர்ன்ஸ்ட் இவ்வகையில் வகுத்துரைத்தார்.

விதி வழியை மூடவில்லை, விலையை உயர்த்துகிறது. அயனிகளைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலுக்குறைந்த அணுக்கருக் காந்தங்கள் மிகத் தாழ்ந்த வெப்பநிலையில்தான் தாமாக அணிவகுக்கும் என்பதால் ஆய்வாளர்கள் அவற்றை நாடினர். இவ்வழியில் ஹெல்சிங்கியில் 1999இல் ரோடியம் அணுக்கருக்கள் ஒரு கெல்வினின் லட்சம் கோடியில் 100 பங்கு வரை குளிர்விக்கப்பட்டன. ஆனால் அது அணுக்கருக் காந்தங்களின் வெப்பநிலை மட்டுமே. அதே உலோகத்தின் எலக்ட்ரான்கள் அவ்வளவு குளிரவில்லை. ஆகவே "சாதனை" என்று செய்தி வரும்போது, எதன் வெப்பநிலை என்று கேளுங்கள்.

மற்றொரு வழி, வாயு அணுக்களை ஒளியாலும் காந்தத்தாலும் சிறைப்பிடித்து, வேகமானவற்றைத் தப்பவிடுவது. 1924இல் டாக்காவிலிருந்து சத்தியேந்திரநாத் போஸ் ஐன்ஸ்டீனுக்கு அனுப்பிய ஆய்விலிருந்து முன்னறியப்பட்ட புதிய பொருள்நிலை, 1995இல் அமெரிக்காவின் போல்டரில் ருபிடியம் அணுக்களில், கெல்வினின் நூறு கோடியில் 170 பங்கு வெப்பநிலையில் கிடைத்தது. இங்கும் அணுக்களின் எண்ணிக்கையே விலை: ஒவ்வொரு கட்டத்திலும் பெரும்பகுதியை இழந்து எஞ்சியவற்றைக் குளிர்விக்கிறார்கள்.

இக்குளிரை வெப்பமானியால் தொட்டு அளக்க இயலாது, தொட்டால் சூடேறிவிடும். சிறையைத் திறந்து, அணுமேகம் எவ்வளவு மெதுவாக விரிகிறது என்பதைப் படமெடுத்துக் கணக்கிடுகிறார்கள். ஈர்ப்பு மேகத்தைக் கீழே இழுத்துவிடுவதால் காணும் நேரம் குறைவு. ஆகவே ஜெர்மனியின் பிரெமன் நகரில், உயர்ந்த கோபுரத்திலிருந்து ஆய்வுக்கலம் முழுவதையும் விழச் செய்து ஆய்ந்தனர். 2021இல் வெளியான அந்த முடிவு, கெல்வினின் லட்சம் கோடியில் 38 பங்கு.

இறுதியாக, சுழியை எட்டினால் எல்லா இயக்கமும் நின்றுவிடும் என்பது பிழை. திரவ ஹீலியம் சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் உறைவதில்லை. அதன் அணுக்களில் எஞ்சும் குவாண்டம் இயக்கமே காரணம். இயக்கமற்ற பொருள் இல்லை என்று எங்கெல்ஸ் வாதிட்டதை நாம் அறிவோம். அதை இங்கே நமக்குக் காட்டுவது மேற்கோள் அன்று. உறைய மறுக்கும் அந்தத் திரவம்தான்.