புதுச் சாரமும் வெள்ளை வேட்டியும்

இனயத்துல எங்க சித்தி ஒரு சனிக்கிழமை, கருநீலப் புதுச் சாரத்தையும் சித்தப்பாவோட பூசை வேட்டியையும் ஒரே வாளியில ஊறப்போட்டாங்க. மறுநாள் கோயிலுக்குப் போக எடுத்தா, வேட்டி நீல மேகம் மாதிரி இருக்கு!

சாயம் போட்ட துணியில, நூலைப் பிடிக்காத மிச்சச் சாயம் கொஞ்சம் தங்கியிருக்கும். தண்ணியில அது கரைஞ்சு, பக்கத்துல கிடக்கிற வெள்ளைப் பருத்தியில ஒட்டிக்கும். வெந்நீரும், ராத்திரி முழுக்க ஊறுறதும் அதுக்கு இன்னும் வசதி.

புதுசு வாங்கினா ஓரத்தை நனைச்சு, வெள்ளைத் துணியால அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க. கறை பிடிச்சா, தனி வாளி, பச்சைத் தண்ணி, கொஞ்சம் சோப்பு. ஊறவைக்காம அலசுங்க, தண்ணி தெளியுற வரை. பிழிஞ்சதும் குவிச்சு வைக்காம, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, நிழல்ல காயப்போடுங்க. அடுத்த ரெண்டு மூணு தடவையும் தனியாத்தான்.

உப்புத் தண்ணியில முக்கினா சாயம் நின்னுடும்னு சொல்வாங்க. உப்பு இருக்கிற வரை சில சாயங்கள் கொஞ்சம் அடங்கியிருக்கும். நல்ல தண்ணி பட்டதும் மறுபடி இறங்கும். உப்பு சாயத்தைப் பூட்டுற சாவி இல்லை.

கறை பட்டுட்டா? காயவிடாதீங்க, இஸ்திரி வேண்டாம். ஈரத்தோட உடனே சோப்பு போட்டு, தண்ணி மாத்தி மாத்தி அலசுங்க. வேட்டி காய்ஞ்ச பிறகுதான் சித்தி பார்த்தாங்க. அது இப்ப வண்டி துடைக்குது.