ஒரே கொழுப்பளவு, இரு வேறு முடிவுகள்: பத்தாண்டு மாரடைப்பு இடரைக் கணக்கிடுதல்



பலதுறை மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனை முடிவைப் பெறுபவர்கள் வழக்கமாகக் கேட்பது இது: "டாக்டர், எனக்குக் கொலஸ்ட்ரால் கூடுதலா? மருந்து சாப்பிட வேண்டுமா?" கேட்பவர் இதனை ஒரே கேள்வி என எண்ணுகிறார். உண்மையில் இவை இரண்டு கேள்விகள். முதலாவதற்கு ஆய்வுக்கூடம் விடை தருகிறது. இரண்டாவதற்கு விடை தருவது, அடுத்த 10 ஆண்டுகளில் அவருக்கு மாரடைப்பு வரக்கூடிய வாய்ப்பைப் பற்றிய ஒரு மதிப்பீடு. அந்த மதிப்பீடு எவ்வாறு பிறக்கிறது, மருந்தை எவ்வாறு முடிவு செய்கிறது என்பதே இன்றைய உரையின் பொருள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்காம் என்றோர் ஊர் உள்ளது. 1948ஆம் ஆண்டில் அவ்வூரைச் சேர்ந்த 5,209 ஆடவரையும் பெண்டிரையும் மருத்துவர்கள் பதிவு செய்து, பல்லாண்டு தொடர்ந்து கவனித்து வந்தனர். யாருக்கு மாரடைப்பு வந்தது, அவர்களிடம் முன்னரே காணப்பட்டவை யாவை எனத் தொகுத்ததிலிருந்து இந்தக் கணக்கு உருவாயிற்று. 2001ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டியில் அது எளிய புள்ளி அட்டவணையாக வெளிவந்தது. வயது, மொத்தக் கொழுப்பு, நல்ல கொழுப்பு, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஆகிய ஐந்துக்கும் புள்ளிகள் உண்டு. ஆடவருக்கும் பெண்டிருக்கும் தனித்தனி அட்டவணைகள்.

ஒரு கணவன் மனைவியைக் கற்பனை செய்துகொள்வோம். இருவருக்கும் வயது 52. இருவருக்கும் மொத்தக் கொழுப்பு லிட்டருக்கு 5.8 மில்லிமோல். கணவர் புகைப்பவர். அவருடைய நல்ல கொழுப்பு 1.0, மேல் இரத்த அழுத்தம் 138. மனைவி புகைப்பதில்லை. அவருடைய நல்ல கொழுப்பு 1.5, அழுத்தம் 128. இருவரும் அழுத்தத்துக்கு மருந்து உண்பதில்லை.

கணவருக்கு வயதுக்காக 6 புள்ளி, மொத்தக் கொழுப்புக்கு 3, புகைப்பதற்கு 3, நல்ல கொழுப்பு குறைந்திருப்பதற்கு 2, அழுத்தத்துக்கு 1. ஆக மொத்தம் 15. ஆடவர் அட்டவணையில் 15 புள்ளி என்பது 20 விழுக்காடு. மனைவிக்கு வயதுக்கு 6, மொத்தக் கொழுப்புக்கு 4, அழுத்தத்துக்கு 1. ஆக மொத்தம் 11. பெண்டிர் அட்டவணையில் அது 1 விழுக்காடு மட்டுமே. கொழுப்பளவு ஒன்றே, இடரோ இருபது மடங்கு வேறுபடுகிறது.

20 விழுக்காடு என்பதன் பொருளைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இக்கணவரைப் போன்ற 100 பேரை ஓரிடத்தில் நிறுத்தினால், 10 ஆண்டுகளில் அவர்களுள் ஏறத்தாழ 20 பேருக்கு மாரடைப்போ இதயத் தமனி நோயால் மரணமோ நேரும். 80 பேருக்கு நேராது. "அந்த இருபதில் நான் ஒருவனா?" என்று அவர் கேட்டால், கணக்கு பேசாது. அது கூட்டத்தைப் பற்றி மட்டுமே அறியும்.

இனி மருந்துக்கு வருவோம். ஸ்டாட்டின் வகை மருந்துகள் கெட்ட கொழுப்பை 1 மில்லிமோல் குறைத்தால், மாரடைப்பு போன்ற இதய நிகழ்வுகள் ஏறத்தாழக் கால் பங்கு குறைகின்றன எனப் பெரிய ஆய்வுகளின் தொகுப்பு காட்டியுள்ளது. இந்தக் கால் பங்கு, இடர் மிகுந்தவருக்கும் குறைந்தவருக்கும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. ஆனால் எதில் கால் பங்கு என்பதே முக்கியம். கணவரைப் போன்ற 100 பேர் மருந்து உண்டால், 20 நிகழ்வுகள் 15 ஆகும், ஐவர் தப்புவர். மனைவியைப் போன்றோரில் ஒருவர் தப்புவதற்கு 400 பேர் பத்தாண்டுகள் நாள்தோறும் மாத்திரை விழுங்க வேண்டும். தசைவலியோ, நீரிழிவு வரும் வாய்ப்பில் சிறு உயர்வோ, அந்த 400 பேரும் ஏற்க வேண்டிய விலை. மருந்தின் ஆற்றல் ஒன்றாயினும், அதனால் விளையும் நன்மை தொடக்க இடரைப் பொறுத்தது. ஆகவேதான் மருத்துவர் கொழுப்பின் எண்ணை மட்டும் பார்த்து மருந்து எழுதுவதில்லை.

அப்படியானால் எத்தனை விழுக்காட்டில் மருந்தைத் தொடங்குவது? இக்கோட்டை இயற்கை வரையவில்லை, மனிதர் வரைகின்றனர். 2014ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வழிகாட்டி அமைப்பு அக்கோட்டை 20 விழுக்காட்டிலிருந்து 10க்கு இறக்கியது. மருந்தின் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதும், குறைந்த இடருடையோரும் பயனடைவர் என்ற சான்று கூடியதும் அதற்குக் காரணங்கள். அதற்கு முந்தைய ஆண்டில் அமெரிக்கர் 7.5 விழுக்காட்டைத் தேர்ந்தனர். இவ்விரு கணக்குகளும் பக்கவாதத்தையும் சேர்த்துக்கொள்பவை. நான் மேலே காட்டியதோ இதயத்தை மட்டும் கணக்கிடுவது. எனவே ஒரு கணக்கின் விழுக்காட்டை மற்றொன்றின் கோட்டோடு ஒப்பிடுவது பிழை.

இன்னொரு பிழை இடத்தைப் பற்றியது. ஃபிரேமிங்காம் மக்களில் பெரும்பாலோர் வெள்ளையர். சிங்கப்பூரில் இந்தியருக்கு மாரடைப்பு கூடுதலாகக் காணப்படுவதால், அக்கணக்கை இங்குள்ள சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோருக்கெனத் தனித்தனியாகத் திருத்தினர். ஒரே புள்ளிக்கு இந்திய ஆடவரின் விழுக்காடு சீன ஆடவருடையதைவிட உயர்வு. 2023ஆம் ஆண்டில் இக்கணக்கு மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. கணக்கின் கட்டமைப்பை விளக்கவே நான் அமெரிக்க அட்டவணையைப் பயன்படுத்தினேன். உங்களுக்குரிய எண்ணை உங்கள் மருத்துவர் இந்நாட்டு அட்டவணையில் காண்பார்.

மூன்றாவது பிழை அளவீட்டில் நேர்வது. அக்கணவர் படியேறி மூச்சு வாங்க வந்தமர்ந்தபோது 138 எனப் பதிவாகி, ஓய்வுக்குப் பின் 128 என வந்தால், 1 புள்ளி குறைந்து இடர் 16 விழுக்காடாகும். கோட்டுக்கு அருகில் நிற்பவருக்கு மீண்டும் அளந்து பார்ப்பது இன்றியமையாதது. ஏற்கெனவே ஸ்டாட்டின் உண்பவரின் குறைந்த கொழுப்பை இட்டுக் கணக்கிட்டு, "இடர் இல்லை" என மருந்தை நிறுத்துவதும் பிழையே. முன்பே மாரடைப்பு கண்டவருக்கும், கெட்ட கொழுப்பு 4.9ஐ எட்டியவருக்கும் இக்கணக்கே தேவையில்லை. மருந்தின் தேவை அவர்களுக்கு வெளிப்படை.

கணக்கு கேளாமல் விடுவதும் உண்டு. அக்கணவரின் தம்பிக்கு வயது 36, புகைப்பதில்லை, அழுத்தம் 128, கொழுப்பளவுகள் அண்ணனுடையவையே. அவருக்கு 5 புள்ளி, 2 விழுக்காடு. ஆனால் இவர்களின் தந்தை 50 வயதில் மாரடைப்பால் இறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் தந்தைக்கு இடமில்லை. இளமையே எண்ணைத் தாழ்த்துகிறது. தமனியில் கொழுப்பு படிவதோ பத்தாண்டோடு நிற்பதில்லை. இங்கே மருத்துவர் அட்டவணையைத் தாண்டி எண்ண வேண்டும்.

இறுதியாக அண்ணனிடம் திரும்புவோம். புகைப்பதை விட்டால் அவருக்கு 3 புள்ளி குறைந்து 12 ஆகும். இடர் 10 விழுக்காடு. மாத்திரை 20ஐ 15 ஆக்கியது, இதுவோ பாதியாக்குகிறது. ஆனால் இந்த அட்டவணை, கடந்த ஒரு மாதத்தில் புகைத்தவரையே புகைப்பவராகக் கொள்கிறது. ஐந்தாம் வாரத்தில் புள்ளி மறையும். உடலின் இடரோ படிப்படியாகவே இறங்கும். ஆகையால் விட்டவுடன் மருந்து தேவையில்லை என்று தாளைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. புகையை விடுவதும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல என்பதை அவரோடு அமர்ந்து பேசியே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த முறை பரிசோதனை முடிவைப் பெறும்போது, "என் பத்தாண்டு இடர் எத்தனை விழுக்காடு? மருந்து உண்டால் அது எத்தனையாகும்?" என்று கேளுங்கள். அவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடே, அந்த மாத்திரை உங்களுக்குத் தரக்கூடியது.