அணைத்த திரையில் தெரிவது யார்?



கோயம்புத்தூரில், அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி. பல சிறு நிறுவனங்கள் மேசைகளை வாடகைக்கு எடுத்து ஒன்றாக வேலை பார்க்கும் கூடம் அது. எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு பெண் அங்கே உட்கார்ந்து, மூன்று சிறு ஆலைகளுக்குச் சம்பளக் கணக்குப் பார்க்கிறார். ஒருநாள் மதியம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவன், அவருடைய மேசைக்கும் போனேன். அவர் தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டிக்கொண்டே எண்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, கழுத்து வலியா?” என்றேன்.

“இல்லீங்கண்ணா. என் தலை நிழல் விழுற இடத்துல மட்டும்தான் எழுத்து தெரியுது. அதான் நிழலை நகர்த்தி நகர்த்திப் படிக்கிறேன்” என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னது அச்சு அசலான உண்மை. அவர் முதுகுக்குப் பின்னால் அகலமான ஜன்னல். எதிர்க் கட்டடத்தின் வெள்ளைச் சுவரில் மதிய வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அவர் லேப்டாப்போ பளபளப்பான, கிளாஸி என்கிறார்களே, அந்தத் திரை. முழு ஜன்னலும் அதில் தெரிந்தது. அவருடைய தலை மறைத்த இடத்தில் மட்டும் ஜன்னல் இல்லை. அங்கே எண்கள் தெரிந்தன.

இதற்கு அவர் கண்டுபிடித்திருந்த மருந்து, மேட் திரை உள்ள புது லேப்டாப். “நாற்பதாயிரம் ஆகும்ணா” என்றார். வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம் என்றேன். அதைத்தான் இன்று உங்களோடும் போடப்போகிறேன்.

சாதாரணக் கண்ணாடிப் பரப்பு தன்மேல் நேராக விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பி அனுப்பும். நான்குதானே என்று தோன்றும். ஆனால் எதில் நான்கு என்று பார்க்க வேண்டும். திரையின் பிரகாசத்தை நிட் என்ற அளவில் சொல்வார்கள். சாதாரண லேப்டாப்பின் வெள்ளைப் பக்கம் 250 நிட் இருக்கும். வெயில் படும் வெள்ளைச் சுவரோ, கூலிங் ஃபிலிம் ஒட்டிய ஜன்னல் வழியாகப் பார்த்தாலும் 5000 நிட் எளிதாக வரும். 5000-இல் நூற்றுக்கு நான்கு என்றால் 200.

இப்போது திரையில் என்ன நடக்கிறது? வெள்ளைத் தாளும் கறுப்பு எழுத்தும் இருக்கின்றன. இரண்டின் மேலும் இந்த 200 ஏறி உட்காருகிறது. வெள்ளை 250 இருந்தது 450 ஆகிறது. கறுப்பு கிட்டத்தட்ட பூஜ்யமாக இருந்தது 200 ஆகிறது. எழுத்துக்கும் தாளுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்கு சொச்சம்தான். சாம்பல் தாளில் பென்சிலால் எழுதியதைப் படிப்பது மாதிரி. தலை மறைத்த இடத்தில் அந்த 200 இல்லை. அதனால் அங்கே எழுத்து கறுப்பாகவே இருந்தது.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஜன்னல் திரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதன் பிம்பம் திரைக்குப் பின்னால் அவ்வளவு ஆழத்தில் இருப்பதாகத்தான் கண்ணுக்குப் படும். எழுத்து இரண்டடி தொலைவில், பிம்பம் பத்தடிக்கு அப்பால். கண் இரண்டுக்கும் நடுவே மாறி மாறி அலைகிறது. மாலையில் கண் வலிக்கிறது என்று சொல்வதில் இந்த அலைச்சலுக்கும் பங்கு இருக்கலாம்.

சரி, மேட் திரை என்ன செய்கிறது? அலையில்லாத குளத்தில் நிலா முழுசாகத் தெரியும். காற்று அடித்துத் தண்ணீர் சிலிர்த்தால் நிலா உடைந்து, குளம் முழுக்க வெள்ளியாகப் பரவிவிடும். நிலவொளி குறைந்துவிடவில்லை, சிதறிவிட்டது. மேட் திரையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு இருக்கிறது. ஜன்னலின் உருவத்தை அது உடைத்துப் பரப்பிவிடுகிறது. ஜன்னல் கம்பி, எதிர்ச் சுவர், உங்கள் முகம் எதுவும் தெரியாது. கண்ணின் அலைச்சல் தீர்ந்தது, அது பெரிய நிம்மதி. ஆனால் அந்த வெளிச்சம் எங்கும் போய்விடவில்லை. திரை முழுக்க மெல்லிய சாம்பல் போர்வையாகப் படர்ந்திருக்கும். மேட் திரையில் கறுப்பு, கறுப்பாக இல்லையே என்று குறைப்படுகிறவர்கள் இந்தப் போர்வையைத்தான் சொல்கிறார்கள். வெள்ளைப் பக்கத்தில் மணல் தூவியது போன்ற மினுமினுப்புத் தெரிவதும் அந்தச் சொரசொரப்பால்தான்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. மூக்குக்கண்ணாடிக் கடையில் ‘கோட்டிங் போடட்டுமா’ என்று கேட்பார்களே, அதே சங்கதி. சாய்த்துப் பார்த்தால் பச்சையாகவோ ஊதாவாகவோ மின்னும் மெல்லிய பூச்சு. இது வெளிச்சத்தைச் சிதறடிப்பதில்லை, திருப்பி அனுப்புவதையே குறைக்கிறது. நான்கு பங்கை ஒன்றாகக் குறைத்தால், நம் கணக்கில் 200 என்பது 50 ஆகிவிடும். எழுத்து ஆறு மடங்கு வித்தியாசத்தில் தெரியும். ஆனால் அதில் ஒரு விரல் ரேகை பட்டாலும் பளிச்சென்று தெரியும். துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் மேசையை நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கால்வட்டம் திருப்பிப் போட்டோம். ஜன்னல் இப்போது அவருக்கு இடது கைப்பக்கம். திரைக்கு எதிரே, அவருக்குப் பின்னால், கூடத்தின் உட்சுவர். டியூப்லைட் வெளிச்சத்தில் அந்தச் சுவர் 70 நிட் இருந்தால் அதிகம். அதில் நூற்றுக்கு நான்கு என்றால் மூன்றுகூட இல்லை. வெள்ளைக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் எண்பது மடங்குக்கு மேல் போய்விட்டது. அதே பழைய லேப்டாப், அதே கிளாஸி திரை. பழைய இடத்தில் எந்த மேட் திரையும் இவ்வளவு தந்திருக்காது.

மேசையைத் திருப்ப வழியில்லாதவர்கள் திரைச்சீலையை இழுத்துவிடலாம். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்திருந்தால், வெளிச்சமான அறையில் அதை மாற்றி வெள்ளைப் பின்னணிக்கு வாருங்கள். கறுப்பில்தான் பிம்பம் எடுப்பாகத் தெரியும். அப்படியும் ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும் என்றால், அப்போது மேட் திரைக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

கதை இங்கே முடியவில்லை. மறுவாரம் போன் வந்தது. “அண்ணா, வெளிச்சம் சரியாயிருச்சு. ஆனா இப்ப டீ மெஷினுக்குப் போறவங்க எல்லாம் என் முதுகுப் பக்கமா போறாங்க. யாருக்கு என்ன சம்பளம்னு படிச்சுட்டே போறாங்களோன்னு இருக்கு. பக்கத்து சீட்டுக்காரர் வேற. பிரைவசி ஃபில்டர் போட்டுட்டேன், போதுமா?”

போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

பிரைவசி ஃபில்டர் என்பது திரைமேல் மாட்டும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு. அதற்குள்ளே மயிரிழை போன்ற கறுப்புச் சட்டங்கள் செங்குத்தாக, நெருக்கமாக நிற்கின்றன. இரும்புக் கம்பிகள் நெருக்கமாக வைத்த ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். நேரே நின்றால் வெளியே எல்லாம் தெரியும். பக்கவாட்டில் போகப்போகக் கம்பிகள் ஒன்றை ஒன்று மறைத்துச் சுவர் மாதிரி ஆகிவிடும். நடுவிலிருந்து இருபுறமும் 30 டிகிரி தாண்டினால் திரை கறுத்துவிடும் என்பது இவற்றின் பொதுவான கணக்கு. சட்டென்று கறுக்காது, படிப்படியாக மங்கிக்கொண்டே போகும்.

பக்கத்து இருக்கைக்காரரை எடுத்துக்கொள்வோம். உங்கள் கண் திரையிலிருந்து இரண்டடி. அவர் அதே வரிசையில் நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். திரையின் நடுவிலிருந்து பார்த்தால் அவர் 60 டிகிரிக்கும் மேல் விலகி இருக்கிறார். அவருக்குக் கறுப்புத் தகடுதான் தெரியும். ஃபில்டர் வேலை செய்கிறது.

இப்போது டீ எடுக்கப் போகிறவர். உங்களுக்குப் பத்தடி பின்னால், மூன்றடி தள்ளி நிற்கிறார். திரையிலிருந்து பன்னிரண்டடி, பக்கவாட்டில் மூன்றடி. கோணம் 14 டிகிரிதான். அவருக்குத் திரை நன்றாகவே தெரியும். நாற்காலிக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்ப்பவருக்கும் அப்படியே. சட்டங்கள் செங்குத்தாக நிற்பதால் மேலிருந்து பார்ப்பதை அவை தடுக்காது.

ஃபில்டருக்கு ஒரு விலையும் உண்டு. நேரே பார்க்கும் உங்களுக்கும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போலக் குறையும். 250 நிட் திரை 160, 170 ஆகிவிடும். ஜன்னல் பிரச்சினையைத் தீர்க்காமல் ஃபில்டரை மாட்டினால் எழுத்து இன்னும் மங்கும். பல ஃபில்டர்களுக்கு ஒரு பக்கம் பளபளப்பும் மறுபக்கம் மேட்டும் இருக்கும். வெளிச்சமான அறையில் மேட் பக்கம் உங்களைப் பார்க்கட்டும். 27 அங்குல மானிட்டருக்கு வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது இரண்டடி அகலம். ஒன்றரை அடியில் நெருங்கி உட்கார்ந்தால், திரையின் இரு ஓரங்களும் உங்கள் கண்ணுக்கே 30 டிகிரி தாண்டிவிடும். ஓரத்து எண்கள் உங்களுக்கே இருட்டாகத் தெரியும். ஃபில்டர் பழுது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகாதீர்கள். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்துங்கள்.

கடைசியில் அந்தப் பெண்ணிடம் ஒரு காரியம் செய்யச் சொன்னேன். லேப்டாப் திரையை அணைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்தே அந்தக் கறுப்புத் திரையைப் பார்க்கச் சொன்னேன். மேட் திரை வைத்திருப்பவர்கள், முகம் பார்க்கும் கண்ணாடியை அதன்மேல் வைத்து நடுவிலும் ஓரங்களிலும் நகர்த்திப் பார்க்கலாம். அதில் ஜன்னலோ விளக்கோ தெரிந்தால், எழுத்தை மறைக்கப்போவது அதுதான். அதில் ஓர் ஆளின் முகம் தெரிந்தால், அவருக்கும் உங்கள் திரை தெரிகிறது. சாதாரண லேப்டாப்பில் அப்படித் தெரிகிறவர்கள் எல்லாரும் 30 டிகிரிக்கு உள்ளேதான் இருப்பார்கள். ஆகவே அணைத்த திரையில் யார் தெரிகிறாரோ, அவரை ஃபில்டர் தடுக்காது. அது தடுப்பது, அந்தக் கண்ணாடியில் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைத்தான்.

அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “டீ மெஷின் தெரியுதுங்கண்ணா. அங்க நிக்கிறவர் சட்டை பட்டன்கூடத் தெரியுது.”

இரண்டு நாளில் தூணை ஒட்டிய ஒரு மேசைக்கு மாறிவிட்டார். முதுகுக்குப் பின்னால் வெறும் தூணும் சுவரும், ஜன்னல் இடப்பக்கம். ஃபில்டர் பக்கத்து இருக்கைக்காகத் திரையிலேயே இருக்கிறது. புது லேப்டாப் வாங்கவில்லை. இப்போது தலையை ஆட்டாமல்தான் சம்பளக் கணக்குப் பார்க்கிறார்.