எதிரே இருப்பவர் கண் கலங்கும்போது

1953 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் சாட் வாரா என்னும் பாதிரியார், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவோருக்கு ஆறுதல் கூற முன்வந்தார். அவரைக் காண வந்தோர் காத்திருந்த அறையில், உதவிக்கு வந்த சாதாரண மக்கள் சிலர் தேநீர் கொடுத்து, அருகில் அமர்ந்து, அவர்கள் கூறியதைக் கேட்டுக்கொண்டிருந்தனர். அவர்களிடமே மனம் திறந்து அழுது தீர்த்த பலருக்குப் பாதிரியாரைக் காண வேண்டிய தேவையே இல்லாது போயிற்று. சமாரிட்டன்ஸ் இயக்கம் வளர்ந்தது அந்தத் தேநீர் அறையிலிருந்துதான். சென்னையில் 1986 இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா அமைப்பிலும் தொண்டர்களின் முதற்பணி கேட்பதே.

கேட்பது எளிதன்று. ஒருவர் அழத் தொடங்கியதும் நம் வாய் தானாகவே "அழாதீர்கள்" என்கிறது. அது பெரும்பாலும் நம் தவிப்பைத் தணித்துக்கொள்ளும் சொல். நம் கிராமங்களில் இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்ணை எவரும் தடுப்பதில்லை. தோளோடு தோள் சேர்த்து உடன் அமர்வர். மேசையும் காகிதமும் நடுவே வந்ததும் அந்தப் பழக்கம் நமக்கு மறந்துவிடுகிறது.

நான் புனேயில் மொழிபெயர்ப்பு அலுவல் பார்ப்பவன். கட்கி, கன்டோன்மென்ட் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில வேளை படிவம் நிரப்பித் தருமாறு வருவதுண்டு. ஒரு முறை முதிய தாயார் ஒருவர் குடும்ப ஓய்வூதியத்துக்கான தாள்களுடன் வந்தார். கணவர் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். "அவர் இறந்த தேதி?" என்று கேட்டதும் அம்மையார் முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

அந்த வேளையில் செய்யத்தக்கவை மிகச் சில. பேனாவைக் கீழே வைத்தேன். கையில் பேனா இருக்குமட்டும் அவசரம் தெரியும். நாற்காலியைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிக்கொண்டேன். அழுகின்ற முகத்தை நேரே உற்றுப் பார்ப்பது கூச்சத்தை வளர்க்கும். தண்ணீர்த் தம்ளரை அவருடைய கைக்கு எட்டும் இடத்தில் நகர்த்தினேன். எடுத்துக் கையில் திணிக்கவில்லை. திணித்தால் "போதும், நிறுத்துங்கள்" என்று கூறியதாகிவிடும். பிறகு பேசாதிருந்தேன். மொழிபெயர்ப்பாளனுக்கு இடைவெளி என்றாலே அச்சம். உடனே ஏதேனும் சொல்லால் நிரப்பத் தோன்றும். இங்கே நிரப்பாமல் விடுவதுதான் வேலை.

எவ்வளவு நேரம்? கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். மூச்சைக் கவனித்தால் போதும். விம்மல் குறைந்து, பெருமூச்சு நீளமாய் வெளிவரும்போது பேச்சு திரும்பப்போகிறது என்று அறியலாம். "மன்னிச்சுக்குங்க, தம்பி" என்றார் அம்மையார். இது மீண்டும் மீண்டும் வருமானால், நம் முகத்தில் சங்கடத்தைக் கண்டுவிட்டார் என்று பொருள். "மன்னிப்புக்கு என்ன இருக்கிறது, அம்மா? அவசரமே இல்லை" என்றேன். "காலையிலே காப்பி குடிச்சுட்டுத்தான் போனார்" என்றார். "காப்பி குடித்துவிட்டுப் போனார்" என்று அவர் சொல்லையே மெல்லத் திருப்பிச் சொன்னேன். அன்றைய நாள் முழுவதையும் அவரே கூறினார்.

பக்கத்தில் இருந்த நண்பர் நல்லெண்ணத்துடன், "என் தாயார் போனபோதும் இப்படித்தான்" என்று தொடங்கினார். அம்மையார் தம் கதையை நிறுத்திவிட்டு அவரைத் தேற்றலானார்! நம் துயரைச் சொல்லுவதில் உள்ள இடர் இதுவே.

நமக்கும் கண் பனிக்கலாம்; அதில் தவறில்லை. குரல் தடுமாறினால் இரு பாதங்களையும் தரையில் ஊன்றி, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கிச் சில முறை விட்டால் நிதானம் வரும்.

அவர் தணிந்த பிறகு, "தேதியை இப்போது எழுதலாமா, முகவரியை முதலில் முடிக்கலாமா, அம்மா? நாளைக்கும் வரலாம்" என்றேன். துயரில் இருப்பவருக்குத் தாமே தீர்மானிக்கும் சிறு இடம் தேவை. அவர் முகவரியைத் தேர்ந்தார். பத்து நிமிடம் கழித்து, கேளாமலே தேதியைச் சொன்னார்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. அழுகையினிடையே "இனி நான் இருந்து என்ன பயன்" என்ற சொல் வந்தால் மழுப்பிவிடாமல், "சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா, அம்மா?" என்று தாழ்ந்த குரலில் நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் முளைக்காது. பல வேளை அதைச் சொல்ல ஒருவர் கிடைத்தாரே என்ற ஆறுதலே பிறக்கும். "ஆம்" என்று விடை வந்தால் அவரைத் தனியே அனுப்பலாகாது. மத்திய அரசு 2022 இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அவருடைய வீட்டார் ஒருவர் வந்து சேரும்வரை படிவத்தை மூடிவைத்து, உடன் அமர்ந்திருக்க வேண்டும்.