கடித்த நாளா, ஊசி போட்ட நாளா?

(நம் நலச்சங்கக் கூட்டத்தில் பேசியது)

கோடை விடுமுறையில் பேரனோடு ராஜகிரிக் கோட்டை ஏறினேன். ஒரு குரங்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்கியதில் அவன் முழங்கையில் நகம் கீறி ரத்தம் கசிந்தது.

"மஞ்சள் வைங்க சார், போதும்" என்றார் உடன் வந்தவர். நான் வைக்கவில்லை. கீழே இறங்கியதும் குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, கடிகாரம் பார்த்து 15 நிமிடம் கழுவினேன். வெறிநோய்க் கிருமியின் மேலுறையில் கொழுப்பு உண்டு. சோப்பு அதைச் சிதைத்துவிடும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் புண்ணைத்தான் எரிக்கும்.

அன்று ஞாயிறு. இருட்டிவிட்டதென்று திங்கள் காலைதான் அரசு மருத்துவமனைக்குப் போனோம். அது என் தவறு. அன்றிரவே போயிருக்க வேண்டும். ரத்தம் வந்த காயம் என்பதால், காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத மருந்தைச் செலுத்தி, தடுப்பூசியும் போட்டார்கள். தடுப்பூசியால் உடலில் எதிர்ப்பு உருவாக ஒன்றிரண்டு வாரமாகும். அதுவரை காப்பது அந்த மருந்துதான்.

சீட்டில் 0, 3, 7, 28 என்று இருந்தது. மகள் ஞாயிறிலிருந்து எண்ணி, "அடுத்தது புதன்" என்றாள். வங்கியில் நாள் எண்ணிப் பழகிய நான் திருத்தினேன். முதல் ஊசி போட்ட திங்கள்தான் 0. எனவே அடுத்தது வியாழன், பிறகு மறு திங்கள், கடைசி, முதல் ஊசியிலிருந்து நான்கு வாரம் கழித்து வரும் திங்கள். தசையில் போடும் முறையில் 14ஆம் நாளும் ஓர் ஊசி உண்டு.

காயம் ஆறியதும் கடைசி ஊசியை விட்டுவிடுகிறோம். நாய், பூனை கீறினாலும் இதே கணக்குத்தான். சீட்டைப் பத்திரமாக வையுங்கள். மறுபடி கடிபட்டால் மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.